கேஷில் இருந்தது எப்படிக் காணாமல் போகும்?

சனிக்கிழமை கூட்டத்தில் என் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டியதை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கதை மோசம் என்றால் மோசம் என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கதை இதுதான்: புரோகிராமர் சுதாவின் மென்பொருள், வேறொருவர் எழுதி npm ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் கிடங்கில் வைத்த ஒரு பேக்கேஜை நம்பியிருக்கிறது. எழுதியவர் அதை நீக்கிவிட, ரிலீஸ் அன்று பில்ட், அதாவது கோடிலிருந்து மென்பொருளைக் கட்டியெடுக்கும் வேலை, உடைகிறது. இதை 'லாஜிக் ஓட்டை' என்றதைத்தான் விட முடியவில்லை. "கேஷ்லதான் பேக்கேஜ் இருக்கே, ரெஜிஸ்ட்ரில இருந்து போனா பில்ட் எப்படிம்மா உடையும்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அரங்கமே சிரித்தது. பதில் சொல்ல என் பக்கம் மைக் வரவில்லை.

உடையும் அண்ணா. அதுவும் ரிலீஸ் அன்றைக்குப் பார்த்துத்தான் உடையும். கதையே அதுதான்.

பல இடங்களில் பில்ட் சர்வர், முன்பு இறக்கிய பேக்கேஜ்களைச் சேர்த்து வைக்கும் தன் கேஷுக்கு, `package-lock.json` என்ற லாக் ஃபைலின் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகையை வைத்துத்தான் பெயரிடும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும், பழைய கேஷ் கண்ணுக்குத் தெரியாது. கதையில் சுதா தினமும் பில்ட் ஓட்டுகிறாள், எல்லாம் பச்சை. ரிலீஸ் அன்று வெர்ஷன் எண்ணை ஏற்ற `npm version minor` அடிக்கிறாள். அந்தக் கட்டளை லாக் ஃபைலுக்குள் இருக்கும் வெர்ஷன் எண்ணையும் மாற்றுகிறது. ஹாஷ் மாறியது, கேஷ் இல்லை. பேக்கேஜ்களை நிறுவும் `npm ci` வெறுங்கையோடு ரெஜிஸ்ட்ரிக்குப் போகிறது, அப்படி எதுவும் இல்லை என்று 404 வருகிறது. லாக் ஃபைல் இருந்துமா என்றால், ஆமாம். அதில் இருப்பது பேக்கேஜின் முகவரியும் கைரேகையும் மட்டும்தான், சரக்கு இல்லை.

'ரிஸ்டோர் கீ எழுதி வைத்திருந்தால் பழைய கேஷாவது கிடைத்திருக்குமே' என்று இன்பாக்ஸில் ஒருவர். கிடைத்திருக்கும். சுதா எழுதி வைக்கவில்லை. கதை சுதாவைப் பற்றியது, உங்களைப் பற்றியது இல்லை.

இன்னொருவர், 'அதெல்லாம் `left-pad` காலம், இப்போது யாராலும் நீக்க முடியாது' என்கிறார். 2016 மார்ச் 22 அன்று `left-pad` என்ற பதினோரு வரிப் பேக்கேஜை எழுதியவரே எடுத்துவிட, சுமார் இரண்டரை மணி நேரம் உலகம் முழுக்க பில்டுகள் சரிந்தது உண்மை. அதன் பிறகு npm விதியை இறுக்கியதும் உண்மை. ஆனால் விதியைப் படித்துவிட்டுப் பேசலாமே. வெளியிட்டு 72 மணி நேரம் கடந்த பேக்கேஜையும் இன்றைக்கும் நீக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் உள்ள வேறு பேக்கேஜ் எதுவும் அதைச் சார்ந்திருக்கக் கூடாது, முந்தைய வாரத்தில் டவுன்லோடு 300-க்குக் கீழே இருக்க வேண்டும், உரிமையாளர் ஒருவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுதாவின் நிறுவனக் கோடு ரெஜிஸ்ட்ரியில் இல்லை, அதனால் அவள் கணக்கிலேயே வரமாட்டாள். அவள் தினமும் கேஷிலிருந்து எடுத்ததால் அந்த டவுன்லோடுகளும் பதிவாகவில்லை. கேஷ் அவளைக் காப்பாற்றவில்லை, அவள் இருப்பதையே மறைத்தது. இந்த இடத்துக்காகத்தான் நான் கதையே எழுதினேன். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வெர்டாசியோ மாதிரி ஒரு சொந்த ரெஜிஸ்ட்ரியை நம் சர்வரிலேயே வைத்து, இறக்கும் ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். மேனேஜர், "ஊரே இலவசமா இறக்குது, நமக்கு மட்டும் எதுக்கும்மா தனி சர்வர்?" என்றார். பிறகு ஒரு பேக்கேஜ் காணாமல் போன ராத்திரி அதே மேனேஜர் போன் செய்து, "உன் லேப்டாப்ல இருக்கா?" என்றார். இருந்தது. `npm ci --offline` என்று அடித்தேன், என் மெஷினின் கேஷிலிருந்தே எல்லாம் ஏறியது. கைரேகையும் பொருந்தியது. ரிலீஸ் போனது. மறுநாள் போன பாராட்டு மெயிலில் என் பெயர் மட்டும் இல்லை. சரி, அது வேறு கதை. ஆனால் நடக்காது என்று நீங்கள் சிரித்தது நான் விழித்திருந்த ராத்திரியைப் பார்த்து.

'இது கதையா, மேனுவலா?' என்ற கேள்விக்கும் வருகிறேன். ஆபரேஷன் தியேட்டரைப் பக்கம் பக்கமாக எழுதினால் 'நுணுக்கம்' என்கிறீர்கள். நெல் வயலில் மடை திறப்பதை எழுதினால் 'மண் வாசனை'. நாங்கள் பிழைப்பு நடத்தும் இடத்தை எழுதினால் மட்டும் மேனுவல். பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வாசனையே கிடையாதா?

கடைசியாக, 'வில்லன் இல்லை, நீக்கியவனுக்கு ஒரு கெட்ட நோக்கம் கொடுத்திருக்கலாம்' என்று ஆலோசனை சொன்னவருக்கு. கொடுக்க மாட்டேன். சுதா அவருக்கு மெயில் போடுகிறாள், "யாராவது இதை யூஸ் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாதே, பழைய புராஜெக்ட்னு சுத்தம் பண்ணிட்டேன்" என்று பதில் வருகிறது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் அந்த டவுன்லோடு எண் அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது. இதில் யாரை வில்லனாக்கச் சொல்கிறீர்கள், சொல்லுங்கள். கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. கதையை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.