கரண்ட் ரேஷியோ 2 இருந்தா கடன் கொடுத்துடணுமா?

மூணு நாளா அந்தப் பதிவு சுத்திச் சுத்தி என் டைம்லைன்ல வருது. "லாபத்தில் ஓடும் கம்பெனிக்குக் கடன் மறுப்பு." கீழே நானூறு பேர் பேங்க்காரங்களான எங்களை "வட்டிக்கடைக்காரன் புத்தி"ன்னு திட்டியிருக்காங்க. சரி, திட்டுங்க. ஆனா பேலன்ஸ் ஷீட்டை அந்தக் கம்பெனிக்காரரே படம் போட்டிருக்காரே, அதைப் படிச்சது எத்தனை பேர்?

அவர் போட்ட கணக்கு, லட்சத்தில்: நடப்புச் சொத்து 200, ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டியது 100. ஆக கரண்ட் ரேஷியோ 2. "பாடப்புத்தகமே 2 போதும்னு சொல்லுது"ன்னு ஒருத்தர் எனக்கு வகுப்பெடுத்தார். நன்றி ஐயா. அந்த 200க்குள்ள என்ன இருக்குன்னும் புத்தகம் பார்க்கச் சொல்லுமே? ஸ்டாக் 120, வரவேண்டிய பாக்கி 70, கையில் ரொக்கம் 10. ஸ்டாக்கை நீக்கினா 80க்கு 100, அதாவது குவிக் ரேஷியோ 0.8. பாக்கியில் 30 ஆறு மாசத்துக்கு மேல வசூலாகாம நிக்குது. அதையும் நீக்கினா 0.5. நாளைக்கே எல்லாரும் வந்து கேட்டா பாதிப் பேருக்குத்தான் கொடுக்க முடியும்.

இன்னொண்ணு. வருஷக் கடைசி நாள்ல அந்த ரொக்கம் 10ஐ சப்ளையருக்குக் கட்டியிருந்தா 190க்கு 90, ரேஷியோ 2.1 ஆகியிருக்கும். கை காலியாகும், ரேஷியோ ஏறும். இதை நம்பியா கடன் கொடுக்கச் சொல்றீங்க?

என் முழுக் கோபமும் அந்த ஸ்டாக் மேலதான். போன வருஷம் 80 இருந்தது, இந்த வருஷம் 120. வித்த சரக்கின் அடக்கவிலை 350லேர்ந்து 360 ஆகியிருக்கு, அவ்வளவுதான். 83 நாள் சரக்கு 122 நாள் சரக்கா ஏறியிருக்கு. விக்காத சரக்கு தேங்குதா, இல்ல கணக்குல ஸ்டாக் மதிப்பை ஏத்திப் போட்டிருக்காங்களான்னு கேட்கிறது குத்தமா?

"ஸ்டாக்குக்கும் லாபத்துக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டவருக்கு: ஆரம்ப ஸ்டாக் 80, கொள்முதல் 400, கடைசி ஸ்டாக் 120 போக மீதி 360தான் அடக்கவிலை. விற்பனை 500. செலவு 90 போனா வட்டிக்கு முந்தைய லாபம் 50, விற்பனையில் 10 சதவீதம். அழகான நம்பர். இப்போ அந்த 120ல 20 செல்லாத சரக்குன்னு வைங்க. அடக்கவிலை 380 ஆகும், லாபம் 30 ஆகும். வட்டியோ 30. அதாவது சம்பாதிக்கிறது முழுக்க வட்டிக்கே போயிடும், அசலுக்கு ஒத்தப் பைசா மிஞ்சாது. கவனிங்க, கரண்ட் ரேஷியோ அப்பவும் 1.8! நீங்க தலையில தூக்கி வச்சு ஆடுற அந்த நம்பர் பெருசா அசையவே இல்ல.

சரக்கு முழுக்க நல்ல சரக்குன்னே வச்சுக்கலாம். அப்பவும் 50க்கு 30, வட்டியைப் போல 1.7 மடங்குதான் வருமானம். மொத்தக் கடன் 210 (ஓவர்டிராஃப்ட் 60, டேர்ம் லோன் 150), சொந்த முதல் 100. கியரிங், அதாவது சொந்த முதலைப் போல கடன் எத்தனை மடங்குங்கிறது, ரெண்டுக்கு மேல. இதுக்கு மேல 60 கேட்கிறார். அதே வட்டி விகிதத்தில் வட்டி சுமார் 38.6 ஆகும். செல்லாத சரக்கு 20ஐ சொந்த முதல்லேர்ந்து கழிச்சா கடன் 270, சொந்த முதல் 80. மூணரை மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. லாபம் 30, வட்டி 38.6. இதுக்குப் பேர்தான் "லாபத்தில் ஓடும் கம்பெனி"யா?

"சூப்பர் மார்க்கெட்டுக்கெல்லாம் கரண்ட் ரேஷியோ ஒண்ணுக்குக் கீழ, அவங்க ஓடலையா?"ன்னு ஒரு கேள்வி. நியாயம்தான், ஒத்துக்கிறேன். அங்க ரொக்கத்துக்கு வித்து, சப்ளையருக்கு மெதுவா கட்டுறாங்க. இவர் கடனுக்கு வித்து, ஆறு மாசம் கழிச்சும் வசூல் பண்ண முடியாம நிக்கிறார். ரெண்டும் ஒண்ணா?

"அடமானம் இருக்கே"ங்கிறவங்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பா இருக்கு. இடத்தை ஏலம் விட்டு வசூலிக்கிறது எங்களுக்குக் கொண்டாட்டம்னு நினைப்பா? தவணை தொழில்லேர்ந்து வரணும். ஏலம் எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றது. அன்னைக்கும் இதே நானூறு பேர் வந்து "இடத்தைப் பிடுங்கிட்டான்"னுதான் எழுதுவீங்க.

ஏசி ரூம்ல உட்கார்ந்து பேனாவால கொல்றவங்களாம் நாங்க. இருக்கட்டும். அந்த 120க்கும் சரக்குப் பட்டியலை அவரைப் போடச் சொல்லுங்க, எது எப்போ வாங்கினது, கடைசியா எப்போ வித்ததுன்னு தேதியோட. ஆறு மாசத்துக்கு மேல நகராதது 5க்குள்ள இருந்தா, பழைய பாக்கியிலும் பாதி வசூலாகியிருந்தா, 60 இல்லாட்டியும் 20க்கு நானே பரிந்துரை எழுதறேன்.

நாலு தடவை கமெண்ட்ல கேட்டுட்டேன். லைக் போடுறாங்க, பட்டியல் மட்டும் வரல.