பிடிக்கவில்லை என்பது வேறு, ஓடவில்லை என்பது வேறு

அந்த வீடியோவை அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. பார்த்தாச்சு, இனிமேல் அனுப்ப வேண்டாம். கேம் கடையில் ஒருவர், வாங்கிப் பிரித்த டிஸ்க் பெட்டியை மேசைமேல் வீசிவிட்டு, "காசு கொடுத்துத்தானே வாங்கினேன், பிடிக்கலைன்னா எடுத்துக்க மாட்டியா?" என்று கத்துகிறார். கவுண்டரில் நிற்கிற பையன் "சீல் பிரிச்சிருக்கு சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். கமெண்டில் எல்லோரும் திடீரென்று நுகர்வோர் நீதிபதி ஆகிவிட்டார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பிடிக்கவில்லை என்பது வேறு, ஓடவில்லை என்பது வேறு. ஆட்டம் பிடிக்காததால் பிரித்த டிஸ்க்கைத் திருப்பி வாங்கச் சொன்னால் கடை மறுக்கலாம். டிஸ்க் ஓடவில்லை என்றால் சீலைக் காட்டி மறுக்கக் கூடாது. வீடியோவில் அந்த மனிதர் ஓடவில்லை என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோமே?" என்று கேட்கிறீர்கள். சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் சட்டை உங்களிடம் இருக்காது. கணினி விளையாட்டில் அப்படி இல்லை. குறுந்தகட்டில் ஆட்டம் விற்ற காலத்தில் பெட்டிக்குள் ஒரு குறுந்தகடும், ஆட்டத்தை நிறுவும்போது கேட்கிற குறியீடான ஒரு கீ அச்சடித்தும் இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்கி, வீட்டில் நகல் எடுத்து, கீயைத் தாளில் குறித்துக்கொண்டு, திங்கள்கிழமை திருப்பிக் கொடுத்தால் பெட்டியில் ஒரு பொருளும் குறைந்திருக்காது. ஆட்டம் மட்டும் வாங்கியவர் வீட்டில் தங்கிவிடும். 1990களின் கடைசியில் சிடி ரைட்டர் வீடுகளுக்கு வந்தபிறகு இதற்குத் திறமைகூடத் தேவைப்படவில்லை. பொருள் முழுசாகத் திரும்பி வந்தும் விற்பனை மட்டும் தொலைந்துபோகிற விசித்திரம் இது. பெட்டியின் சீல் பிரியவில்லை என்றால் நகலும் எடுக்கவில்லை, கீயும் பார்க்கவில்லை என்று பொருள். கடைக்காரர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

அடுத்து வரப்போகிற கேள்வியும் தெரியும். "கன்சோல் டிஸ்க்கைச் சும்மா நகலெடுக்க முடியாது. ஆட்டத்தை நினைவகத்தில் ஏற்றினாலும் டிஸ்க்கைப் போட்டால்தான் திறக்கும். அதற்கு ஏன் அதே விதி?" இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் 1990இல் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தபோது, விளையாட்டுக்கென்றே செய்த கன்சோல்களுக்கான ஆட்டங்களை விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் கன்சோல் பெட்டியைப் பிரித்தபின் இரண்டு சிக்கல் உண்டு. உள்ளே கூடுதல் உள்ளடக்கத்துக்கான ஒருமுறைக் குறியீடு இருந்தால், அதை யாராவது தன் கணக்கில் ஏற்றிவிட்டாரா என்று அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து, பிரித்த பெட்டியைப் புதிது என்று விற்க முடியாது. பழைய சரக்காக விலை குறைத்துத்தான் விற்க வேண்டும். கதை ஆட்டத்தை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு முழுக் காசையும் கேட்டால், கடை உங்களுக்கு இலவச வாடகைக்கு விட்டதாகிவிடும். அந்த இழப்பைப் பெரிய கடை தாங்கிக்கொள்ளும். சின்னக் கடை எங்கே போகும்?

"ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் திருப்பி எடுக்கிறார்களே!" எடுக்கிறார்கள். 2015 முதல், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். நீங்கள் எத்தனை நிமிடம் ஆடினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தை உங்கள் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துவிட முடியும். கவுண்டரில் நிற்கிற பையனுக்கு இதில் எது தெரியும்? அவன் கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

சட்டம் சட்டம் என்கிறவர்களுக்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை விதிப்படி, இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளில் திருப்பலாம். அதே விதியில், 16ஆம் பிரிவில், முத்திரையிட்ட ஒலி, ஒளிப் பதிவுகளும் கணினி மென்பொருளும் பிரிக்கப்பட்டால் அந்த உரிமை இல்லை என்று தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பக்கம் நிற்கிற சட்டமே இப்படி விதிவிலக்கு வைத்திருக்கிறது. பையனைத் திட்டுகிறீர்கள்!

இனி கடைகளின் பக்கம். ஓடாத டிஸ்க்குக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. பிரிட்டனில் 2015 சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்துப் பணம் கேட்கலாம். பிரிக்காமல் டிஸ்க் பழுது என்று எவராலும் அறிய முடியாதே! "சீல் பிரிச்சா எதுவும் கிடையாது" என்று எழுதி ஒட்டியிருக்கிற கடை, ஓடாத டிஸ்க்கையும் அதில் சேர்த்தால், அது ஏமாற்று.

ஆனால் ஓடவில்லை என்று சொல்வதற்கு முன் ஓடவில்லையா என்று பாருங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அதே கன்சோலில் வேறு டிஸ்க் ஒன்றைப் போடுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் பழுது டிஸ்க்கில் இல்லை, அதைப் படிக்கிற டிரைவில். வேறு டிஸ்க் ஓடினால், இந்த டிஸ்க்கை இன்னொருவர் கன்சோலில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் படிக்கவில்லை என்றால் டிஸ்க்தான் பழுது. பிழைச் செய்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கீறல் இருக்கிறதா என்று டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ப்ளூ-ரே வகை டிஸ்க்கில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6. அதனால்தான் ப்ளூ-ரேமேல் கடினப் பூச்சு போடுகிறார்கள். டிஸ்க்கைச் சுற்றி வட்டமாக ஆழமான கோடு இருந்தால், பெரும்பாலும் சுற்றும்போது கன்சோலை யாரோ அசைத்திருக்கிறார்கள். அதைத் தயாரிப்புப் பழுது என்று கொண்டுபோகாதீர்கள், கடைக்காரருக்கும் தெரியும். இன்னொன்று, டிரைவ் இல்லாத கன்சோலுக்கு டிஸ்க் வாங்கிப் பிரித்துவிட்டு "ஓடலை" என்று சண்டைக்குப் போகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். எந்தக் கன்சோலுக்கு என்று பெட்டி முகப்பிலேயே இருக்கிறது, ஐயா!

பழுது உறுதியானால் பல கடைகள் அதே ஆட்டத்தின் இன்னொரு பிரதியைத்தான் தரும். பணம் தராமல் ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்படுகிறீர்கள். நகல் எடுத்து வைத்திருப்பவருக்கு அதே ஆட்டம் இன்னொன்று கிடைத்து என்ன பயன்? உண்மையிலேயே ஆடமுடியாமல் வந்தவருக்கோ அதுதான் வேண்டும். சில கடைகளில் மாற்றுப் பிரதியைக் கவுண்டரிலேயே பிரித்துக் கொடுப்பார்கள். அவமானப்படுத்த இல்லை. அதைச் சீலோடு இன்னொரு கிளையில் கொடுத்துக் காசாக்கும் தந்திரத்துக்கு அது தடை. எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஆட்டம் நின்றுபோனால் மட்டும் இந்த வழி உதவாது. அது ஆட்டத்தின் பிழை, பத்து டிஸ்க் மாற்றினாலும் அங்கேதான் நிற்கும். அப்போது பணத்தைக் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம்.

"நீ கடைக்காரனுக்கு ஆள்" என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், பழகிவிட்டது. ஆனால் கடைகள் செய்கிற உண்மையான அயோக்கியத்தனத்தை உங்களில் ஒருவரும் கேட்பதில்லையே, அதுதான் வலிக்கிறது. அலமாரியில் வெறும் பெட்டியை வைப்பதற்காக, புதுப் பிரதியைக் கடையே பிரித்து, டிஸ்க்கைக் காகித உறையில் மேசைக்குள் போட்டுவைக்கும். கடைசிப் பிரதியாக அதை முழு விலைக்குப் புதிது என்று விற்கும். நீங்கள் பிரித்தால் பழசு, அவர்கள் பிரித்தால் புதுசா? சிலர் மறுபடி பிளாஸ்டிக் சுற்றியும் விற்கிறார்கள். ஆலையில் சுற்றிய தாள் பெரும்பாலும் மேலும் கீழும் உறைபோல் மடித்து ஒட்டியிருக்கும். சூடுகாட்டிச் சுருக்கிய தாளில் ஓரத்தில் தையல்போல் ஒரு கோடும், காற்றுப் போக ஊசித் துளைகளும் தெரியும். கண்டால் வாங்காதீர்கள், வேறு பிரதி கேளுங்கள். இல்லை என்றால் பழைய சரக்கின் விலைக்குக் கேளுங்கள். அங்கே கத்துவதாக இருந்தால் நானும் வருகிறேன், ஆனால் மேலாளரைக் கூப்பிட்டுக் கத்துவோம். அந்த விதியை எழுதியது கவுண்டர் பையன் இல்லை.