பணக்கார நாடுகள் போன வழியில் சிங்கப்பூர் போகவில்லை

ஏழை நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “சிங்கப்பூரைப் பாருங்க, மேல்நாடு போன வழியிலேயே போய் ஜெயிச்சது, இந்தியாவும் பங்களாதேஷும் அதையே செய்யட்டும்.” தேக்கா கோப்பிக்கடையில் கேட்கிறேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வருகிறது. சிங்கப்பூர் ஜெயித்தது உண்மை. அந்த வழியில் போய் ஜெயித்தது என்பது உண்மையில்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1960-இல் வால்ட் ரோஸ்டோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், எல்லாச் சமூகங்களும் ஐந்து கட்டங்களைக் கடந்துதான் செழிக்கும் என்று எழுதினார். மரபுச் சமூகத்தில் தொடங்கி, பெருவாரியான மக்கள் தாராளமாக வாங்கி நுகரும் காலத்தில் முடியும் பாதை அது. அதில் முக்கியமானது நடுவில் வரும் கட்டம், விமானம் தரையை விட்டு எழும்புவதுபோல நாடு எழும்பும் காலம் என்றார். அப்போது முதலீடு தேசிய வருமானத்தில் ஏறக்குறைய 5 விழுக்காட்டிலிருந்து 10-க்கு மேல் போக வேண்டும். அதற்கு முன்பே வேளாண்மை பெருகி, நகரத்துக்குச் சோறும் தொழிலுக்கு முதலும் தந்திருக்க வேண்டும். பிரிட்டன் நடந்த பாதையை எல்லாருக்குமான பாதையாக்கிவிட்டார்.

சரி, சிங்கப்பூருக்கு ஏது வயல்? எந்த வேளாண் உபரி இங்கே ஆலை கட்டியது? மரபுச் சமூகம் என்றும் சொல்ல முடியாது, பிரிட்டிஷார் காலத்திலேயே இது உலக வணிகத்தில் ஊறிய துறைமுகம்.

எனக்கு இதில் சரியாகப் படுவது அலெக்சாண்டர் கெர்ஷன்க்ரான் என்ற பொருளியல் வரலாற்று அறிஞர் சொன்னது. பின்னால் கிளம்பும் நாடு முன்னால் போனவரின் படிகளில் ஏறுவதில்லை, தன்னிடம் இல்லாததற்கு ஈடாக வேறொன்றை வைத்துக்கொள்கிறது என்றார் அவர். முதலாளிகளின் சேமிப்பு போதாத ஜெர்மனியில் பெரிய வங்கிகள் அந்த இடத்தை நிரப்பின, வங்கிகூட வலுவாக இல்லாத ரஷ்யாவில் அரசே நிரப்பியது.

நம் ஊரில் அந்த ஈடு மத்திய சேமநிதி. 1955-இல் காலனி அரசு அதைத் தொடங்கியபோது அது வெறும் ஓய்வுக்காலச் சேமிப்பு, தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 1984-க்குள் அது 25-உம் 25-உம் ஆனது. அதாவது ஆயிரம் வெள்ளி சம்பளக்காரர் கையில் 750 வெள்ளிதான் வாங்கினார், அவர் கணக்கில் மாதம் 500 வெள்ளி சேர்ந்தது. அந்தப் பணம் அரசாங்கக் கடன்பத்திரங்களுக்குப் போனது, 1968-இலிருந்து அரசு கட்டிய வீவக வீடு வாங்கவும் எடுக்க முடிந்தது. 1980-களில் நாட்டின் சேமிப்பு தேசிய வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டியது. பிரிட்டனில் முதலாளியின் லாபத்திலிருந்து வந்த முதல், இங்கே கணிசமான பங்கு தொழிலாளியின் சம்பளச் சீட்டிலிருந்து, சட்டம் போட்டு எடுக்கப்பட்டது. கூடவே 1966-இன் நில எடுப்புச் சட்டம், சந்தை விலைக்கும் குறைந்த இழப்பீட்டில் கம்பத்து நிலங்களை அரசிடம் சேர்த்தது. நம் தாத்தா பாட்டிகள் கொடுத்த விலை இது, அதை “மேல்நாட்டு வழி” என்று சொல்லி மறைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இதற்கும் எல்லை இருந்தது. 1985-இல் பொருளியல் சரிந்தபோது ஆள்கூலிச் செலவு ஏறிப்போனதும் ஒரு காரணம் என்று கண்டு, அடுத்த ஆண்டே முதலாளியின் பங்கை 25-இலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள்.

அப்புறம், ரோஸ்டோவை எதிர்த்தவர்களையும் நான் முழுசாக ஏற்கவில்லை. ஏழை நாட்டின் ஏழ்மையும் பணக்கார நாட்டின் செழிப்பும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள், அந்த உறவை அறுக்காமல் விடிவில்லை என்றார் அவர்களில் ஒருவரான பொருளியல் அறிஞர் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க். சிங்கப்பூர் செய்ததோ நேர் எதிர். 1965 பிரிவினையோடு மலேசியப் பொதுச்சந்தைக் கனவு போனதும், பன்னாட்டு நிறுவனங்களை வாசலில் நின்று வரவேற்றது. ஆனாலும், எந்த நாடும் தனியே வளர்வதில்லை, மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதே உன் வழியைத் தீர்மானிக்கும் என்று அவர்கள் சொன்னது சரி. 1960-களின் கடைசியில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் கூலி குறைந்த ஆசிய ஊர்களைத் தேடிக்கொண்டிருந்தன, அந்த நேரத்தில் இங்கே ஜூரோங் தொழிற்பேட்டை தயாராக இருந்தது. பிரிட்டனுக்கு அப்படி வெளியிலிருந்து ஆலை கொண்டுவர யாரும் இருக்கவில்லை, இன்று கிளம்பும் நாட்டுக்கோ ஏற்கெனவே இடம் பிடித்த பத்து ஊர்களோடு போட்டி.

சிங்கப்பூர் வழியையே அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்களும் ஒன்றை யோசிக்கட்டும். சேமநிதி நடக்க மாதச் சம்பளமும் பதிவான முதலாளியும் வேண்டும். இந்தியாவில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் கொத்தனார், தையல்காரர், வயலில் கூலிக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள். பிடித்தம் செய்ய அவர்களிடம் சம்பளச் சீட்டே இல்லை. அங்கே முதலீட்டுப் பணத்தை எதிலிருந்து, யார் கையால், யாரை வருத்தாமல் திரட்டுவது என்பதற்கு ரோஸ்டோவிடமும் பதில் கிடையாது, சிங்கப்பூரிடமும் கிடையாது.