சிம் கீ காத்துல போகுதா?

"போன் ஆன் பண்றப்போ சிம்மோட ரகசிய கீ சிக்னல்ல போகுதாம், பக்கத்துல ரிசீவர் வெச்சு புடிச்சா டூப்ளிகேட் சிம் ரெடி"

தப்புங்க. சிம்முக்குள்ள 128 பிட் கீ ஒண்ணு இருக்கு, அதோட இன்னொரு காப்பி கம்பெனியோட சர்வர்ல இருக்கு, அவ்ளோதான், ரெண்டும் இருக்கிற இடத்த விட்டு நகராது. நெட்வொர்க் ஒரு ரேண்டம் நம்பர் அனுப்பும், சிம்முல இருக்குற குட்டி சிப் அதையும் கீயையும் சேர்த்து கணக்கு போட்டு விடைய மட்டும் திருப்பி அனுப்பும், அந்தப் பக்கமும் அதே கணக்குதான், ரெண்டு விடையும் ஒத்துப்போனா உள்ள விடும். ஒட்டுக்கேட்டாலும் கேள்வியும் விடையும்தான் சிக்கும், அத வெச்சு கீய கண்டுபிடிக்க முடியாது, அடுத்த தடவை நம்பரே வேற.

1998ல பழைய ஜிஎஸ்எம் சிம்ம காப்பி எடுத்துக் காட்டுனாங்க, உண்மைதான், ஆனா சிம்ம கையில வெச்சு ஒன்றரை லட்சம் கேள்வி வரைக்கும் கேட்டாங்க, COMP128ங்கற அந்தக் கணக்குல ஓட்டை இருந்துச்சு. 3ஜிலேர்ந்து நெட்வொர்க்கும் தான் யாருன்னு சிம்முக்கு நிரூபிக்கணும்.