ஒரே டிக்கெட், ரெண்டு ஆர்டர், நடுவுல ஒரு கயிறு

"அண்ணா, ஓசிஓ போட்டாச்சு, இனிமே கவலையில்ல"ன்னு மஞ்சக்குப்பத்துல ஒரு தம்பி போன வாரம் சொன்னான். ஓசிஓன்னா, கையில இருக்கிற பங்கை விக்க மேல ஒரு விலை, கீழ ஒரு விலைன்னு ரெண்டு ஆர்டரை ஒன்னாக் கட்டிப் போட்டு வைக்கிறது. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். 2024 டிசம்பர் முதல் வாரத்துல அந்த நெனப்பு போச்சு. நீளமான பதிவு, பொறுமை இருக்கிறவங்க படிங்க.

நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூரை ஒரு வழி பண்ணுச்சு. எங்க தெருவுல சனிக்கிழமையே கரண்ட் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை இன்வெர்ட்டர் செத்துச்சு, போன்ல சிக்னலும் இல்ல. ஆனா நான் பதறல. கையில இருந்த 100 பங்குக்கு ஜிடிடி ஓசிஓ, அதாவது நாம குறிச்ச விலை வர்ற வரைக்கும் புரோக்கர் சர்வர்லயே காத்திருக்கிற ஓசிஓ, போட்டு வச்சிருந்தேன். வாங்கின விலை 412. ஏறுனா 444ல விக்கணும், எறங்குனா 396ல விக்கணும், ரெண்டுல எது முதல்ல நடக்குதோ மத்தது தானா ரத்து. போன் இல்லாட்டி என்ன, புரோக்கர் சர்வர் பாத்துக்கும்னு இருந்தேன். பாத்துக்கவும் செஞ்சுச்சு, நான் சொன்ன மாதிரியே. சொன்னதுலதான் கோளாறு.

எறங்குனா விக்கிற ஆர்டருக்கு ஸ்டாப்னு பேரு, ஏறுனா விக்கிறதுக்கு டார்கெட். ஸ்டாப்ல நிரப்ப ரெண்டு கட்டம் இருக்கும். ஒன்னு ட்ரிகர், இன்னொன்னு லிமிட். 396 தொட்டதும் எழுந்திருன்னு சொல்றது ட்ரிகர். எழுந்ததும் எந்த விலைக்குக் கீழ விக்கக்கூடாதுன்னு சொல்றது லிமிட். நான் லிமிட்ல 395 போட்டிருந்தேன். ஒரு ரூபாய் எடைவெளி போதும்னு கணக்கு.

திங்கட்கிழமை அந்தப் பங்கு 389ல திறந்துச்சு. விலை 396ஐக் கடந்து கீழ போயிட்டதால ட்ரிகர் எழுந்துடுச்சு, '395க்கோ அதுக்கு மேலயோ வித்துடு'ன்னு ஆர்டர் சந்தைக்குப் போச்சு. அன்னைக்கு முழுக்க அந்தப் பங்கு 393ஐத் தாண்டல. 395 கொடுத்து வாங்க ஆள் இல்ல. ஆர்டர் மூன்றரை மணி வரைக்கும் சும்மா கெடந்து, நாள் முடிஞ்சதும் தானா ரத்தாச்சு. பங்கு 384ல முடிஞ்சுது.

அதுக்கு மேல நடந்ததுதான் எனக்கு வலிச்சுது. ஸ்டாப் எழுந்த அந்த நொடியே 444 டார்கெட் ஆர்டர் ரத்தாயிடுச்சு. ஒன்னு எழுந்தா மத்தது சாகணும், அதுதானே ஓசிஓ. பங்கு விக்கலையேன்னு அது பாக்காது, ட்ரிகர் எழுந்துச்சா இல்லையான்னுதான் பாக்கும். ஜிடிடிக்கு ஒரு வருஷம் ஆயுள்னு சொல்றாங்களே, அது எழுந்திருக்கிற வரைக்கும்தான். ஒரு தடவை எழுந்துட்டா அதோட கதை முடிஞ்சுது. அதனால திங்கட்கிழமை சாயங்காலம் என் கையில 100 பங்கு இருந்துச்சு, மேலயும் காவல் இல்ல, கீழயும் காவல் இல்ல. ராத்திரி ஒருத்தர் கார்ல போனை சார்ஜ் போட்டுப் பாத்தப்பதான் மெயில் தெரிஞ்சுது. செவ்வாய் காலையில 381ல வித்தேன். 1,700க்குள்ள முடியும்னு நெனச்ச நட்டம் 3,100 ஆச்சு.

இப்ப நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற இடத்துக்கு வர்றேன். லிமிட்டைக் கீழ போட்டா அந்தக் கீழ் விலைக்கே வித்துடும்னு ஒரு பயம். எனக்கும் இருந்துச்சு. அப்படி இல்ல. நான் 384 போட்டிருந்தா, திங்கட்கிழமை காலையில அது '384க்குக் கீழ வேணாம், அதுக்கு மேல எவ்வளவு கெடைச்சாலும் சரி'ன்னு போயிருக்கும். அந்த நேரம் வாங்குறவங்க 389 பக்கத்துல நின்னதால 389 சுத்துலதான் வித்திருக்கும். நட்டம் 2,300 சொச்சம். ஒரு ரூபாய் எடைவெளி வச்சு நான் மிச்சம் பிடிச்சது ஒன்னும் இல்ல.

அப்ப எவ்வளவு எடைவெளி? நல்லா ஓடுற பெரிய பங்குன்னா நான் ட்ரிகருக்குக் கீழ மூணு சதவீதம் விடுறேன். 396க்கு அது 384. வாங்க ஆளே இல்லாத சின்னப் பங்குல இதே மூணு சதவீதம் ஆபத்து. வரிசையில அங்கொன்னும் இங்கொன்னுமா நிக்கிற வாங்குறவங்களை எல்லாம் நம்ம ஆர்டரே தின்னுட்டுக் கீழ போயிடும். அந்த மாதிரிப் பங்குல ஸ்டாப்பை நம்பி உள்ள போறதே தப்புன்னு என் கட்சி. அன்னைக்கு எறங்க அனுமதிச்ச கடைசி விலையான லோயர் சர்க்யூட்ல பூட்டிட்டா எந்த எடைவெளியும் உதவாது, வாங்குறதுக்கு எதிர்ல ஆள் வேணுமில்ல.

இன்னொரு விஷயம். டார்கெட்டையும் ஸ்டாப்பையும் கட்டி வச்சிருக்கிற கயிறு எக்ஸ்சேஞ்சுல இல்ல, புரோக்கர் மென்பொருள்ல இருக்கு. எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்றது தனித்தனி சாதாரண ஆர்டர்தான். ஒன்னு முடிஞ்சா மத்ததை ரத்து பண்ணச் சொல்றது புரோக்கரோட வேலை. டே டிரேடிங்ல பிராக்கெட் ஆர்டர் போடுறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். 2020 மார்ச் ஆட்டத்துக்கு அப்புறம் சில புரோக்கர்கள் அந்த வசதியையே எடுத்துட்டாங்க. இன்னும் குடுக்கிறவங்க கிட்ட 200 பங்குக்கு என்ட்ரி, டார்கெட், ஸ்டாப் மூணையும் ஒரே டிக்கெட்ல போடுறீங்கன்னு வைங்க. டார்கெட்ல 70 பங்குதான் வித்து, விலை திரும்பி எறங்குது. இப்ப ஸ்டாப் 130ஆக் கொறைஞ்சிருக்கணும். ஆர்டர் புக்கைத் திறந்து அந்த எண்ணிக்கையைப் பாருங்க. 200ஆவே நின்னா, ஸ்டாப் அடிச்சதும் இல்லாத 70 பங்கையும் வித்து நீங்க ஷார்ட்ல நிப்பீங்க. அதே மாதிரி, பதட்டத்துல பொசிஷன் பக்கத்துக்குப் போய்க் கையால வேற ஆர்டர் போட்டு வித்தீங்கன்னா, பிராக்கெட்டோட டார்கெட், ஸ்டாப் ரெண்டும் அங்கேயே உயிரோட நிக்கலாம். வெளிய வரணும்னா அந்த பிராக்கெட்டோட 'எக்ஸிட்'டைத்தான் அமுக்கணும்.

விக்கிற பங்கை டீமேட்ல இருந்து எடுத்துக்க புரோக்கருக்கு ஒரே தடவையா அனுமதி கொடுக்கிற டிடிபிஐ படிவத்துல கையெழுத்துப் போடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. டீமேட்ல இருக்கிற பங்கை விக்க அன்னன்னைக்கு டிபின்ங்கிற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி கொடுத்திருக்கணும். இல்லன்னா ஜிடிடி சரியான நேரத்துல எழுந்தாலும் ஆர்டர் நிராகரிக்கப்படும். புயல்ல சிக்னல் இல்லாதவன் எங்க போய் டிபின் போடுவான்?

இவ்வளவு சொன்னதுக்காக நான் ஓசிஓவை விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. டெலிவரிப் பங்குல மேல ஒரு விலையும் கீழ ஒரு விலையும் ஒரே நேரத்துல காத்திருக்கணும்னா, எனக்குத் தெரிஞ்சு சுலபமான வழி இதுதான். ஒரே 100 பங்குக்கு ரெண்டு சாதாரண விற்பனை ஆர்டர் போட்டா, ரெண்டாவது ஆர்டரை 'கையில பங்கு இல்ல'ன்னு திருப்பி அனுப்பிடும். இன்னைக்கும் என் கணக்குல நாலு ஓசிஓ ஓடுது. ஜிடிடி எழுந்ததுன்னு மெயில் வந்தா மட்டும், 'வித்தாச்சு'ன்னு எடுத்துக்காம ஆர்டர் புக்ல 'கம்ப்ளீட்'னு இருக்கான்னு பாக்குறேன்.

மஞ்சக்குப்பத்துத் தம்பி கிட்ட டீக்கடையிலேயே போனைத் திறக்கச் சொன்னேன். ஸ்டாப் ட்ரிகர் 210, லிமிட் 210. ரெண்டும் ஒன்னு.

"ஏன்டா?"

"210க்குக் கீழ போனா எனக்குக் கட்டுப்படியாகாதுண்ணா."

கீழ திறந்தா மட்டும் கட்டுப்படியாகுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டீயைப் பாத்துட்டு இருந்தான். அப்புறம் லிமிட்டை 203.50ஆ மாத்தினான்.