மூட்டை தூக்க வேண்டுமென்றால் மூட்டையைப் பற்றி எழுதுங்கள்

பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக் கடை ஒட்டிய வேலை விளம்பரத்தைப் பற்றி நான் எழுதியிருந்தேன், அதற்குப் பல பதில்கள் வந்தன. "ஆண் வேலையாட்கள் தேவை, வயது 18–35, இந்துக்களுக்கு முன்னுரிமை, சம்பளம் நேரில்" என்றிருந்ததை, கடைக்காரர் கேட்டதால்தான் திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவர் பழையதையே மீண்டும் ஒட்டிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், "கடை விளம்பரத்துக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்டதுதான் வலிக்கிறது.

ஆண்கள் மட்டும் ஏன் என்று கேட்டபோது, "அரிசி மூட்டை தூக்கணும்க்கா" என்றார். பெரும்பாலும் 10 கிலோ பைகள், சில வேளை 25 கிலோ, தள்ளுவண்டியும் இருக்கிறது. அப்படியானால் எழுத வேண்டியது அதைத்தானே? "சரக்கு இறக்கி அடுக்கும் பணியாளர் தேவை. 10 கிலோ, சில வேளை 25 கிலோ பைகளைத் தூக்க வேண்டியிருக்கும்; தள்ளுவண்டி உண்டு" என்று எழுதினேன். முடியாத ஆண் தாமாகவே விலகிக்கொள்வார். முடிந்த பெண் வருவார். 'வேலையாள்' என்பதில் ஏவல் தொனிக்கிறது. 'பணியாளர்' இருபாலாருக்கும் பொது, மரியாதையும் உண்டு.

இந்துக்கள் ஏன் என்றால், கடையில் பூஜைச் சாமான் விற்கிறாராம். "பூஜைப் பொருள்களையும் எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று வேலையைச் சொன்னால் போதும். பினாங்கில் தமிழ் விளம்பரத்தைத் தமிழ் முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும் படிக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, "ஆளே கிடைப்பதில்லை" என்று வருந்துவதில் என்ன நியாயம்?

'சம்பளம் நேரில்' என்ற இடத்தில், அவர் தருவதாகச் சொன்ன 1,800 ரிங்கிட், இபிஎப், சொக்சோ, வாரம் 45 மணி நேரம் ஆகியவற்றை எழுதினேன். பேருந்துக் காசு செலவழித்து வருபவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா?

"சட்டம் தடுக்கவில்லையே" என்கிறார் ஒருவர். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பாகுபாடு குறித்து முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே எழும் பூசலைத்தான் பேசுகிறது. வேலை தேடி வருபவர் இன்னும் ஊழியர் ஆகவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் அந்தச் சுவரொட்டியின் நான்கு வரிகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். அங்கே விலக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தைக் காட்டி முறையிட முடியாது. "சின்னக் கடை, இடமில்லை" என்பவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. என் விளம்பரமும் ஒரே தாள்தான்.

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 41 வயது. நிபோங் திபாலில் ஒரு கடைச் சுவரில் "35 வயதுக்குட்பட்ட ஆண்கள்" என்றிருந்ததை என் கையைப் பிடித்துக்கொண்டே இருமுறை படித்தார். உள்ளே போய்க் கேட்கவில்லை. அன்று மாலை கேஸ் தோங் தீர்ந்துபோனது. 14 கிலோ எரிவாயு நிறைந்த தோங், இரும்போடு சேர்த்தால் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினார் அம்மா.