மழைன்னா வெறும் எஃபெக்ட் இல்ல மக்களே

மாரத்தஹள்ளில எங்க ஃபிளாட்ல நேத்து ராத்திரி பெரிய சண்டை. 2017ல வந்த ஜெல்டா பிரெத் ஆஃப் தி வைல்ட இப்பதான் ரூம்மேட் ஆரம்பிச்சிருக்கான், பாதி மலை ஏறினப்போ மழை புடிச்சு கீழ விழுந்துட்டான், "என்ன மச்சான் கேம் இது, மழைய ஆஃப் பண்ண ஆப்ஷன் இல்லையா"ன்னு ஒரே கத்தல். எனக்கு அந்த மழைதான் அந்த கேம்லயே ரொம்ப புடிச்ச விஷயம்.

முக்காவாசி ஓப்பன் வேர்ல்ட் கேம்ல மழை பெஞ்சா ரோடு பளபளன்னு இருக்கும், சத்தம் மாறும், அவ்ளோதான், நீங்க செய்றது எதுவும் மாறாது. இதுல ரூலே மாறுது. நனைஞ்ச பாறைல நாலஞ்சு எட்டு வச்சா ஒரு வழுக்கு, ஏறினதுல பாதி போயிடும், ஸ்டாமினா மட்டும் கரைஞ்சுட்டே இருக்கும். நெருப்பு அம்பு அணைஞ்சிடும், பாம் அம்பு வெடிக்காது. ஆனா அதே மழைல உங்க காலடி சத்தம் அமுங்கிடும், எதிரி கேம்ப்புக்குள்ள பின்னாடி வழியா நுழையலாம், ராத்திரியா இருந்தா போகோப்ளின் எல்லாம் தூங்கிட்டு வேற இருக்கும். மின்சார அம்பு ஈரத்துல இன்னும் அகலமா பரவும். இடி வந்தா கைல இருக்கற இரும்பு வாள் பொறி பறக்க ஆரம்பிக்கும், உடனே கழட்டணும், இல்லன்னா நம்ம மேலதான் விழும். அந்த வாளையே எதிரி கூட்டத்துக்குள்ள வீசிட்டு ஓடினா இடி அங்க விழும், இத மொத தடவ கண்டுபிடிக்கறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே!

ரூம்மேட்டுக்கு நான் சொன்னது இதுதான். ஸ்கிரீன் வலது பக்கம் கீழ அடுத்த சில மணி நேரத்துக்கான வானிலை ஐகான் ஓடிட்டே இருக்கும். கேம்ல ஒரு நிமிஷம் நமக்கு ஒரு செகண்ட், ஒரு நாள் முழுக்க 24 நிமிஷம். அப்போ மூணு மணி நேரம் கழிச்சு மழைன்னா உங்க கைல மூணே நிமிஷம், அதுக்குள்ள உச்சிக்கு போக முடியுமான்னு பாத்துட்டு ஏறணும். முடியாதா, பாறை கூரை மாதிரி நீட்டிட்டு இருக்கற எடமா பாத்து விறகும் சிக்கிமுக்கிக் கல்லும் போட்டு தீ மூட்டி விடியற வரைக்கும் உக்காரலாம், வெட்டவெளில மூட்டினா தீ நிக்காது.

ஆனா அவன் கோவத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, அத ஒத்துக்கணும். குளிருக்கு தடிச்ச சட்ட இருக்கு, காரமா சமைச்சு சாப்டலாம், வெயிலுக்கும் டிரெஸ் இருக்கு, வழுக்கறதுக்கு மட்டும் இதுல எதுவுமே கிடையாது. ஏறுறதுக்குன்னே இருக்கற டிரெஸ் கூட வேகத்த கூட்டுமே தவிர வழுக்கறத நிறுத்தாது. பிரச்சனைய குடுத்துட்டு பதில் குடுக்காதது டிசைன் தப்புதான். 2023ல வந்த அடுத்த பாகம் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்ல அத சரி பண்ணாங்க, வழுக்கல குறைக்கற மருந்து வந்துச்சு, தவளை டிரெஸ் மூணு பீஸையும் சேத்து அப்கிரேட் பண்ணா சுத்தமா வழுக்காது. மழை அப்படியே இருக்கு, ஆனா அந்த டிரெஸ்ஸுக்காக பத்திரிகை ஆபீஸ் குவெஸ்ட்டா தேடி அலையணும். எனக்கு அதுதான் சரியான வழி. ஆஃப் பட்டன் வேணும்னு கேக்கறவங்க ஏன்னு கமெண்ட்ல சொல்லுங்க.